கணக்கு சரி, படம் தப்பு: ஐகன் மதிப்பிலிருந்து ஃபேஸ் படம் வரையும்போது நடக்கும் பிழைகள்

தலா 100 லிட்டர் தண்ணீர் உள்ள இரண்டு தொட்டிகள், A, B. மணிக்கு 200 லிட்டர் நல்ல தண்ணீர் A-க்குள் வருகிறது. A-யிலிருந்து 200 லிட்டர் B-க்குப் போகிறது, 100 லிட்டர் வெளியே போகிறது. B-யிலிருந்து 100 லிட்டர் A-க்குத் திரும்புகிறது, இன்னொரு 100 வெளியே போகிறது. இரண்டிலும் மட்டம் மாறாது. A-யில் x கிலோ, B-யில் y கிலோ உப்பு கரைந்திருந்தால், t மணியில் அளந்து:

```
x' = -3x +  y
y' =  2x - 2y
```

ஆரம்பத்தில் A-யில் 3 கிலோ உப்பு, B-யில் ஒன்றுமில்லை. இந்த ஒரு கணக்கை வைத்துக்கொண்டே எங்கெங்கே சறுக்குகிறது என்று பார்க்கலாம்.

முதல் சறுக்கல் குறியில். அணியின் மூலைவிட்டக் கூட்டல் −5, அணிக்கோவை 6 − 2 = 4. சிறப்பியல்புச் சமன்பாட்டில் அந்தக் கூட்டல் குறி மாறித்தான் வரும்: λ² + 5λ + 4 = 0. அவசரத்தில் λ² − 5λ + 4 என்று எழுதிவிட்டால் ஐகன் மதிப்புகள் 1, 4 ஆகிவிடும். நல்ல தண்ணீர் ஊற்ற ஊற்ற உப்பு பெருகுகிறது என்று விடை சொல்லும். சரியான மதிப்புகள் −1, −4. இரண்டின் கூட்டல் −5, பெருக்கல் 4 வருகிறதா என்று பார்க்க ஐந்து நொடி போதும்.

அடுத்தது ஐகன் வெக்டர். λ = −1 போட்டால் முதல் வரி −2x + y = 0 ஆகிறது. இங்கே y = 2x என்பதைப் பார்த்து (2, 1) என்று எழுதிவிடுவது அடிக்கடி நடக்கிறது. x-க்கு 1 கொடுத்தால் y 2, ஆகவே வெக்டர் (1, 2). சந்தேகம் வந்தால் அணியோடு பெருக்கிவிடுங்கள்: −3 + 2 = −1, 2 − 4 = −2. வெக்டர் குறி மாறி அப்படியே திரும்பி வருகிறது, சரி. இதே பெருக்கலை (2, 1)-க்குச் செய்தால் (−5, 2) வரும், பிழை உடனே தெரிந்துவிடும். λ = −4-க்கு x + y = 0, வெக்டர் (1, −1).

c₁(1, 2)e^(-t) + c₂(1, −1)e^(-4t) என்ற பொதுத் தீர்வில் t = 0 போட்டால் c₁ + c₂ = 3, 2c₁ − c₂ = 0. அதிலிருந்து c₁ = 1, c₂ = 2.

```
x =  e^(-t) + 2e^(-4t)
y = 2e^(-t) - 2e^(-4t)
```

இந்தக் கணக்கில் ஒரு அழகான சோதனை ஒளிந்திருக்கிறது. இரண்டு சமன்பாடுகளையும் கூட்டினால் (x + y)' = −(x + y). அதாவது மொத்த உப்பு 3e^(-t) என்றுதான் குறைய வேண்டும். மேலே உள்ள இரண்டு வரிகளையும் கூட்டிப் பாருங்கள்: 2e^(-4t) அடிபட்டு 3e^(-t) மட்டும் மிஞ்சுகிறது.

இதுவரை எல்லாரும் ஓரளவு சரியாக வந்துவிடுவார்கள். x-y தளத்தில் தீர்வுகளின் பாதைகளைக் காட்டும் ஃபேஸ் படம் வரையும்போதுதான் கை தடுமாறுகிறது.

முதலில் ஆதிப்புள்ளி வழியாக y = 2x, y = −x என்ற இரண்டு கோடுகளைப் போட வேண்டும். இவை செங்குத்தாக வெட்டாது. சமச்சீர் அணிகளில் பழகிய கை அறியாமலே 90 பாகைக்கு இழுத்துவிடும். அப்புறம் அம்புகள். வெக்டர் (1, 2) மேல்நோக்கி இருப்பதால் அம்பையும் மேல்நோக்கிப் போடுவது பெரிய தவறு. வெக்டர் கோட்டை மட்டும்தான் காட்டும். (−1, −2) என்று எழுதியிருந்தாலும் அதே கோடுதான். அம்பின் திசையைச் சொல்வது λ-வின் குறி. இங்கே இரண்டும் குறை எண்கள், ஆகவே நான்கு அரைக்கோடுகளிலும் அம்பு ஆதிப்புள்ளியைப் பார்க்க வேண்டும்.

இனி முக்கியமான இடம். மற்ற வளைகோடுகள் எந்தக் கோட்டை ஒட்டி ஆதிப்புள்ளிக்குள் நுழையும்? 4 பெரிய எண், அதனால் (1, −1) கோட்டை ஒட்டித்தான் என்று நிறையப் பேர் வரைகிறார்கள். நடப்பது நேர்மாறு. e^(-4t) வேகமாகச் செத்துவிடுகிறது. கடைசி வரை தாக்குப்பிடிப்பது மெதுவான e^(-t). ஆகவே y = 2x கோட்டை ஒட்டியபடிதான் உள்ளே வரும். நம் தொட்டிகளிலேயே பார்க்கலாம். ஒரு மணி நேரத்தில் x சுமார் 0.40, y சுமார் 0.70, விகிதம் 1.7. இரண்டு மணி நேரத்தில் 0.136, 0.270, விகிதம் 1.99. விகிதம் 2-ஐ நெருங்குகிறது, ஆனால் தொடுவதில்லை. வளைகோடு y = 2x-ஐத் தாண்டி மறுபக்கம் போகிற மாதிரி வரைந்தால் அதுவும் தப்பு, ஏனென்றால் அந்தக் கோடே ஒரு தீர்வின் பாதை; இரண்டு பாதைகள் வெட்டிக்கொள்ளாது.

வேகமான திசை எங்கே தெரியும்? ஆதிப்புள்ளியை விட்டு வெகு தூரத்தில். காலத்தைப் பின்னோக்கி ஓட்டினால் e^(-4t) வீங்கி மற்றதை விழுங்கிவிடும், அங்கே பாதைகள் (1, −1) திசைக்கு இணையாகப் போகும். அந்தக் கோட்டில் ஒட்டாது, இணையாக மட்டும். அணியின் குறி முழுவதையும் மாற்றி மதிப்புகளை 1, 4 ஆக்கினாலும் வளைகோடுகள் இதேதான்; அம்புகள் மட்டும் திரும்பும். பாதைகள் எல்லாம் வெளியே ஓடும் நிலையற்ற நோடில் விதி தலைகீழாகிவிடும் என்று நினைத்து வேறு படம் வரைய வேண்டாம்.

இன்னொரு குழப்பம் x' = 0, y' = 0 கோடுகளில் வருகிறது. இங்கே அவை y = 3x, y = x. இவற்றை ஐகன் கோடுகள் என்று எண்ணி, பாதைகளை இவற்றின் மேல் நடக்க விடுகிறார்கள். பாதைகள் இவற்றைக் குறுக்கே கடக்கும்: y = x-ஐப் படுக்கையாகவும், y = 3x-ஐச் செங்குத்தாகவும். நம் பாதை (3, 0)-இல் கிளம்பி, இடப்பக்கம் மேலேறி, y = x-ஐத் தொடும்போது படுக்கையாகி, பின் கீழிறங்குகிறது. அந்த நேரம் e^(3t) = 4, அதாவது சுமார் 28 நிமிடம்; அப்போது இரண்டு தொட்டியிலும் சமமாக 0.945 கிலோ. B-யில் உப்பு உச்சத்தில் இருப்பதும் அந்தக் கணத்தில்தான். இந்த ஒரு புள்ளியைக் குறித்துக்கொண்டாலே வளைகோட்டின் வடிவம் கைக்கு வந்துவிடும்.

இப்படி இரண்டு தொட்டிகளை இணைத்தால் சிக்கலெண் மதிப்புகள் வரவே வராது. மூலைவிட்டத்துக்கு வெளியே உள்ள இரண்டு எண்களும் குறை எண்களல்ல, அதனால் மூலகாட்டி (a − d)² + 4bc பூச்சியத்துக்குக் கீழே இறங்காது. சுழலைப் பார்க்க வேறு அணி வேண்டும்: x' = −x − 2y, y' = 2x − y. மதிப்புகள் −1 ± 2i. மெய்ப்பகுதி குறை எண், ஆகவே உள்நோக்கிச் சுழலும். ஆனால் எந்தப் பக்கமாக? ±2i-ஐ எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் விடை கிடைக்காது. −2, 2 இரண்டின் குறியையும் மாற்றினாலும் அதே −1 ± 2i-தான் வரும், சுழற்சி மட்டும் எதிர்த்திசையில். எனவே ஒரு புள்ளியைச் சமன்பாட்டில் போட்டே தீர வேண்டும். (1, 0) போட்டால் திசைவேகம் (−1, 2). வலப்பக்க அச்சில் நிற்கும் புள்ளி மேலே கிளம்புகிறது, ஆகவே கடிகார எதிர்த்திசை.