‘கழித்தல்’ என்று மட்டும் எழுதினால் போதாது: பயிற்சித்தாளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோத்தகிரிப் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் நான்காம் வகுப்புக்குக் கணக்குப் பயிற்சித்தாள் தயாராகிறது என்று வைத்துக்கொள்வோம். மேலே ‘கற்றல் விளைவு: மூன்றிலக்க எண்களைக் கடன் வாங்கிக் கழிப்பார்’ என்று போட்டாயிற்று. கீழே வினாக்கள்:

1. 586 − 243
2. 452 − 128
3. 603 − 247
4. காலையில் 275 கிலோ பச்சைத் தேயிலை பறித்தார்கள். அதில் 148 கிலோ ஃபேக்டரிக்குப் போய்விட்டது. மீதி எவ்வளவு?
5. ஒரு மூட்டையில் 45 கிலோ கேரட். மூன்று மூட்டை ஏற்றியாயிற்று. மேட்டுப்பாளையம் மண்டிக்கு 200 கிலோ போக வேண்டும். இன்னும் எத்தனை கிலோ ஏற்ற வேண்டும்?

பார்க்க நல்ல தாள்தான். ஆனால் முதல் கணக்கிலேயே தலைப்பு பொய்த்துவிடுகிறது. 586இலிருந்து 243ஐக் கழிக்கக் கடனே வேண்டாம். ஐந்துக்கு ஒன்று வாங்கிய பிள்ளை, கடன் வாங்குவதில் கொஞ்சம் தேறியிருப்பதாகப் பதிவேட்டில் ஏறிவிடும். அந்த வினாவை எடுத்துவிடச் சொல்லவில்லை. அடிப்படை தெரியுமா என்று பார்க்க அது வேண்டும். அதற்கு ‘கடன் இல்லாமல் கழிப்பார்’ என்று தனி விளைவு எழுதி, பக்கத்தில் அ என்று குறித்தால் போதும்.

இரண்டாவதையும் மூன்றாவதையும் ஒரே விளைவில் அடைப்பதுதான் எல்லோரும் செய்வது. 452இல் பத்துகளிடம் ஒருமுறை கடன் வாங்கினால் வேலை முடிந்தது, அது ஆ. 603இல் பத்துகள் இடத்தில் பூஜ்ஜியம். நூறுகள் வரை போய் வாங்கி வர வேண்டும்; அது இ. இரண்டாவதைச் சரியாகப் போட்டுவிட்டு மூன்றாவதில் 366 என்று எழுதும் பிள்ளைக்குக் கடன் வாங்கத் தெரிகிறது. பூஜ்ஜியத்தைப் பத்தாக்கிவிட்டு, அதிலிருந்து ஒன்றைக் கொடுத்ததை மறந்துவிட்டது, அவ்வளவுதான். 444 என்று எழுதும் பிள்ளையின் கதை வேறு. எந்த இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சிறியதைக் கழித்துவிடும் பழக்கம் அது. அதே பிள்ளை இரண்டாவதில் 336 எழுதியிருக்கும். முதல் பிள்ளைக்குப் பூஜ்ஜியம் வரும் கணக்குகள் மட்டும் போதும். இரண்டாவது பிள்ளைக்குக் குச்சிக் கட்டுகளை எடுத்து ஆரம்பத்திலிருந்து வர வேண்டும். இரண்டுக்கும் ஒரே குறி போட்டால் இந்த வித்தியாசம் தெரியாது.

நான்காவதற்கு ‘எந்தக் கணிதச் செயல் என்று தீர்மானிப்பார்’ என்று எழுதும் வழக்கம் உண்டு. தாள் முழுக்கக் கழித்தல், போதாக்குறைக்கு ‘மீதி’ என்ற சொல். தீர்மானிக்க என்ன இருக்கிறது? அந்தத் திறனைப் பார்க்க வேண்டுமானால் பக்கத்தில் ஒரு கூட்டல் வாழ்க்கைக் கணக்கும் வேண்டும், ‘மீதி’ இல்லாத கழித்தலும் வேண்டும். இல்லையென்றால் ஆ என்று குறித்துவிட்டுப் போகலாம். வீட்டில் தமிழ் அல்லாமல் படுகு மொழி பேசும் பிள்ளை இதில் தவறினால், அதே எண்களை வெறும் கணக்காகக் கொடுத்துப் பாருங்கள். அப்போது சரியாக வந்தால் இடறியது வாசிப்பில்.

ஐந்தாவதுதான் உண்மையில் சிக்கல். அதில் பெருக்கலும் கழித்தலும் சேர்ந்திருக்கின்றன. சரியான விடை 65. ஒரு பிள்ளை 135 என்று எழுதுகிறது. மூன்று மூட்டையின் எடையைக் கண்டுபிடித்ததும் நின்றுவிட்டதா? அல்லது 200 − 135இல் ஒவ்வோர் இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சிறியதைக் கழித்ததா? அப்படிக் கழித்தாலும் 135தான் வரும்! விடையை மட்டும் பார்க்கும் ஆசிரியருக்கு வழியே இல்லை.

200ஐ 220 ஆக்கிப் பாருங்கள். சரியான விடை 85. முதல் படியோடு நின்றால் 135, தலைகீழாகக் கழித்தால் 115, பெருக்கலில் மீந்த பத்தைச் சேர்க்க மறந்து மற்றதைச் சரியாகச் செய்தால் 95. தவறுகள் தனித்தனியாகப் பிரிந்துவிட்டன. எண்களை வாய்க்கு வந்தபடி போடாமல், எந்தத் தவறு எந்த விடையைத் தரும் என்று முன்கூட்டியே போட்டுப் பார்ப்பது இதற்காகத்தான். கூடவே ‘மூன்று மூட்டையின் எடை:’ என்று ஒரு கோடு விட்டால் இரண்டு படிகளுக்கும் தனித்தனிக் குறி போடலாம்.

இனி குறிகளை எண்ணுங்கள். அ ஒன்று, ஆ இரண்டு, இ ஒன்றுதான். ஐந்தாவதன் கழித்தலைச் சேர்த்தாலும் அது ஆ, இ இரண்டையும் சரியாகப் பிரித்துக் காட்டாது. ஒரே வினாவில் பிள்ளை தவறினால் கவனப்பிசகா, தெரியாமையா என்று சொல்ல முடியாது. இ-க்கு 500 − 268, 704 − 356 என்று குறைந்தது இன்னும் இரண்டு கணக்குகள் சேர்க்க வேண்டும். இடம் போதாவிட்டால் ஆ-வில் ஒன்றைக் குறைக்கலாம்.

2017இல் என்.சி.இ.ஆர்.டி. வெளியிட்ட கற்றல் விளைவுகளிலிருந்து ஒரு வரியை அப்படியே எடுத்துத் தலைப்பில் ஒட்டுவதும் நடக்கிறது. அவை ஆண்டு முழுமைக்கானவை. ஒரு தாளுக்கு அதில் ஒரு துண்டுதான் தேவை. ‘அறிவார்’, ‘புரிந்துகொள்வார்’ என்றும் எழுத வேண்டாம். பிள்ளை தாளில் என்ன செய்யும் என்பதை எழுதினால் போதும்.

கடைசியாக, விளைவை முழு வாக்கியமாகப் பிள்ளையின் தாளில் வினாவுக்குப் பக்கத்தில் அச்சடிக்காதீர்கள். ‘பூஜ்ஜியத்தைத் தாண்டிக் கடன் வாங்குவார்’ என்று படித்துவிட்டுப் போடும் கணக்கில் பாதி வழி நாமே காட்டியதாகிவிடும். பிள்ளையின் தாளில் ஓரமாக அ, ஆ, இ மட்டும் இருக்கட்டும். அவற்றின் விளக்கம் ஆசிரியரின் படியில் இருக்கட்டும்.