எனக்கா, என்னாலா?

மாணவர்களின் நோட்டுகளில் 'என்னக்கு', 'உன்னக்கு' என்று அடிக்கடி பார்க்கிறேன். 'என்னால்' என்பதில் இரண்டு ன் வருவதால் இங்கேயும் வரும் என்று நினைத்துவிடுகிறார்கள்.

நான், நீ, நாம், தான் ஆகியவை வேற்றுமை உருபு ஏற்கும்போது என், உன், நம், தன் என்று குறுகிவிடும். இவற்றோடு ஆல் சேரும்போது, தனிக்குறிலுக்கு அடுத்த மெய் உயிருக்கு முன் இரட்டிக்கும்: என்னால், உன்னால், நம்மால், தன்னால். கு சேரும்போதோ நடுவில் ஓர் அகரம் வரும், மெய் இரட்டிக்காது: எனக்கு, உனக்கு, நமக்கு, தனக்கு.

'அவன்' குறுகாது. அதில் ன் தனிக்குறிலை அடுத்து வரவில்லை, அதனால் அவனால்தான், 'அவன்னால்' இல்லை. கு சேரும்போது நடுவில் உகரம் வரும்: அவனுக்கு.

சரி, வாக்கியத்தில் எதைப் போடுவது? வினையைப் பாருங்கள். தெரியும், பிடிக்கும், வேண்டும், பசிக்கிறது என்றால் கு. செய்ய முடியும், முடியாது என்றால் ஆல். "எனக்கு மூட்டையைத் தூக்க முடியாது, அவனக்கு முடியும்" என்பதை "என்னால் மூட்டையைத் தூக்க முடியாது, அவனால் முடியும்" என்று திருத்த வேண்டும். "எனக்கு முடியவில்லை" என்றும் சொல்கிறோமே என்பீர்கள். பேச்சில் அதற்கு உடம்பு சரியில்லை என்று பொருள்! ஒரே வினை, உருபு மாறினால் செய்தியே மாறிவிடுகிறது.

எழுதி முடித்ததும் இன்னொன்றையும் பாருங்கள். கு உருபுக்குப் பின் வல்லினம் மிகும்: எனக்குத் தெரியும், அவனுக்குப் பிடிக்கும். ஆலுக்குப் பின் மிகாது: என்னால் படிக்க முடியும்.