தெரியாத மொழியில கேப்ச்சா வந்தா பண்ணக்கூடாத தப்புங்க

ஒரு ஜெர்மன் வெப்சைட்ல ஃபார்ம் நிரப்பிட்டு இருக்கீங்க, கடைசியில நீங்க ரோபோ இல்லன்னு காட்டுற அந்த சின்னப் பெட்டிய டிக் பண்ணதும் மேல ஒரு நீலப் பட்டை, கீழ ஒன்பது படம்னு வந்து நிக்குது. பட்டையில என்ன எழுதியிருக்குன்னு ஒண்ணும் புரியல. இது கூகுளோட reCAPTCHA, படப் புதிர்ல அதிகமா கண்ணுல படுறது இதுதான், அதனால இதையே வச்சு சொல்றேன்.

நெறைய பேர் பண்ற முதல் தப்பு, படத்தப் பாத்து கேள்விய ஊகிக்கிறது. ஒன்பதுல நாலு படத்துல பைக் தெரியுது, சரி பைக்தான் கேக்குறான் போலன்னு நாலையும் அமுக்கிடறது. ஆனா கேட்டதோட சேத்து அதுக்குப் பக்கத்துல வர்ற வேற பொருளும் அதே கட்டத்துல கலந்து வரும். சைக்கிள் கேட்டா பைக்கும் இருக்கும், பஸ் கேட்டா லாரியும் இருக்கும். எது அதிகமா தெரியுதோ அதுதான் கேள்வின்னு எந்த விதியும் கிடையாது, கேட்டது ரெண்டே படத்துல இருந்து கேக்காதது நாலுல இருக்கலாம்.

அந்த நீலப் பட்டைய முழுசா படிக்கணும்னு அவசியமே இல்ல, இத தெரிஞ்சுக்கிட்டா பாதி வேலை முடிஞ்சுது. அதுல மூணு பகுதி இருக்கும். மேல சாதாரண எழுத்துல "எல்லாப் படத்தையும் தேர்ந்தெடு"ங்கற மாதிரி ஒரு வரி, நடுவுல பெருசா தடிமனா ஒரு வார்த்தை, அதுக்குக் கீழ பல நேரம் திரும்ப சின்ன எழுத்துல இன்னொரு வரி. என்ன பொருள்னு சொல்றது அந்தத் தடிமன் வார்த்தை மட்டும்தான். மத்த ரெண்டு வரியும் எப்படி அமுக்கணும்னு சொல்றது, அத மொழி தெரியாமலே வேற விதமா கண்டுபிடிச்சுடலாம், பின்னாடி வர்றேன்.

இப்ப அந்த ஜெர்மன் கேஸையே எடுத்துக்குவோம். பட்டையில இப்படி இருக்குன்னு வைங்க: Wähle alle Bilder mit Fahrrädern aus. தடிமன்ல இருக்கறது Fahrrädern, அதாவது சைக்கிள். அடுத்த தடவ அதே இடத்துல Motorrädern வரும், அது பைக். ரெண்டுக்கும் வால் ஒண்ணுதான், தலைதான் வேற. அவசரத்துல வால மட்டும் பாத்துட்டு "ஆங் இது போன தடவ வந்ததுதானே, சைக்கிள்"னு அமுக்குனா தப்பாயிடும், அதுவும் ரெண்டும் ஒரே கட்டத்துல கலந்து வர்ற பொருள்ங்கறதால தப்பு பண்ணதே தெரியாது. வார்த்தைய முழுசா, முன்பகுதியில இருந்து பாக்கணும். இன்னொண்ணு, அகராதியில தேடுனா அது Fahrrad, Motorradன்னு இருக்கும், கேப்ச்சாவுல வாக்கியத்துக்குள்ள பன்மையில வர்றதால உருவம் கொஞ்சம் மாறியிருக்கும். ரஷ்யன் மாதிரி மொழிகள்ல இந்த மாத்தம் இன்னும் ஜாஸ்தி. அதனால எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகலன்னு வேற பொருள்னு முடிவு கட்டிடாதீங்க.

நல்ல விஷயம் என்னன்னா கேக்குற பொருளோட பட்டியல் ரொம்பச் சின்னது. டிராஃபிக் லைட், ரோட்டக் கடக்குற வெள்ளைக் கோடு, சைக்கிள், பைக், பஸ், கார், டாக்ஸி, தீயணைப்புக் குழாய், படிக்கட்டு, பாலம், புகைபோக்கி, பனை மாதிரி மரம், படகு, டிராக்டர், மலை, பார்க்கிங் மீட்டர், சுத்தி சுத்தி இவ்வளவுதான் பெரும்பாலும். அடிக்கடி ஒரு மொழி சைட்டுக்குப் போக வேண்டியிருந்தா இந்தப் பட்டியல அந்த மொழியில ஒரே ஒரு தடவ மாத்தி எழுதி வச்சுக்கிட்டா போதும், ஒவ்வொரு தடவையும் டிரான்ஸ்லேட்டர் தேட வேண்டாம்.

டிரான்ஸ்லேட்டர்ல போட்டாலும் ஒரு சிக்கல் இருக்கு. தடிமன் வார்த்தைய மட்டும் தனியா போட்டா அது தெரு சம்பந்தப்பட்டதுன்னு அதுக்குத் தெரியாது. ஸ்பானிஷ்ல boca de incendiosன்னா தீயணைப்புக் குழாய், ஆனா bocaவ மட்டும் போட்டா வாய்னு வரும், ஒன்பது படத்துலயும் வாயைத் தேடிட்டு இருக்க வேண்டியதுதான். ஜெர்மன்ல Zebrastreifenன்னு பாத்துட்டு வரிக்குதிரைய தேடாதீங்க, அது ரோட்டக் கடக்குற வெள்ளைக் கோடு. வர்ற பதில் மேல இருக்குற பட்டியலோட ஒட்டலன்னா முதல்ல மொழிபெயர்ப்பத்தான் சந்தேகப்படணும், முழு வாக்கியத்தையும் சேத்து திரும்பப் போட்டுப் பாருங்க. அப்புறம் அர்த்தம் சரியா வந்தாலும் அது எப்படி இருக்கும்னு தெரியாம சில பேர் விட்டுடுவாங்க. தீயணைப்புக் குழாய்னதும் நீளமான ரப்பர் பைப்பத் தேடுவாங்க, கேப்ச்சா காட்டறது நடைபாதை ஓரத்துல குட்டையா நிக்கிற சிவப்பு இல்ல மஞ்சள் இரும்புத் தூண்.

பிரவுசர்ல பக்கத்த மொழிமாத்துனா கேப்ச்சாவும் மாறிடும்னு நம்பறதும் ஒரு தப்பு. அந்தப் புதிர் அந்தப் பக்கத்தோட பகுதியே இல்ல, google.comல இருந்து தனி ஃபிரேமா உள்ள வந்து உக்காருது, அதனால பக்கம் முழுக்க தமிழ்ல மாறியும் நீலப் பட்டை மட்டும் பல நேரம் அப்படியே இருக்கும். அதுக்கு ஸ்கிரீன்ஷாட் எடுத்து படத்துல இருக்குற எழுத்த மாத்துற ஆப்ல போடறது, இல்ல இன்னொரு ஃபோன் கேமராவ காட்டறது வேலைக்காகும். ஆனா அதையே நிதானமா பண்ணிட்டு இருந்தா புதிர் காலாவதி ஆயிடும், திரும்ப பெட்டிய டிக் பண்ணச் சொல்லும், அப்ப வேற படம் வேற வார்த்தை. சரியா முடிச்சப்புறமும் அந்த பச்சை டிக்குக்கு 2 நிமிஷம்தான் ஆயுசு. அதனால ஃபார்ம்ல மத்ததெல்லாம் நிரப்பிட்டு கேப்ச்சாவ கடைசியில தொடுங்க. வார்த்தை பிடிபடவே இல்லன்னா கீழ இடது பக்கம் வட்டமா சுத்துற அம்புக்குறி இருக்கு, அத அமுக்குனா வேற புதிர் வரும், தெரிஞ்ச வார்த்தை வர்ற வரைக்கும் மாத்திக்கலாம், தப்பா அமுக்கறதுக்கு இது எவ்வளவோ மேல்.

மொழிய யார் முடிவு பண்றாங்கன்னும் தெரிஞ்சுக்கணும். சைட் நடத்துறவங்க கேப்ச்சாவ சேக்கும்போது இந்த மாதிரி மொழிய குறிச்சுட்டாங்கன்னா

```
https://www.google.com/recaptcha/api.js?hl=de
```

எல்லாருக்கும் ஜெர்மன்லதான் வரும், நீங்க உங்க பக்கம் என்ன செட்டிங் மாத்துனாலும் சரி. அந்த hl இல்லன்னா அது உங்க மொழிய தானா பாத்து எடுத்துக்கும், அப்ப பிரவுசர் செட்டிங்ல தமிழையோ இங்கிலீஷையோ மொழிப் பட்டியல்ல முதல்ல வச்சா மாறும். தமிழ்லயும் reCAPTCHA வருது, அதோட குறி ta. சும்மா செட்டிங்க நோண்டறதுக்கு முன்னாடி சைட்ல மேலயோ கீழயோ மொழி மாத்துற பட்டன் இருக்கான்னு பாருங்க, அத மாத்துனா சில சைட்ல கேப்ச்சாவும் கூடவே மாறும்.

இப்ப அந்த சின்ன எழுத்து வரிக்கு வர்றேன், பொருள் சரியா தெரிஞ்சும் தோத்துப் போறது இங்கதான். மூணு வகை இருக்கு, மூணையும் கண்ணால பாத்தே பிரிச்சுடலாம். ஒரே பெரிய படத்த 16 கட்டமா வெட்டியிருந்தா, அந்தப் பொருள் பரவியிருக்குற கட்டம் எல்லாத்தையும் அமுக்கணும். ஒன்பது தனித்தனி படமா இருந்து, ஒண்ண அமுக்குனதும் அது கொஞ்சம் சுருங்கி டிக் விழுந்தா, இருக்குற ஒன்பதுலயே பொறுக்கி முடிச்சுடணும். அமுக்குன படம் மங்கி மறைஞ்சு அந்த இடத்துல புதுப் படம் வந்தா கதையே வேற, புதுசா வர்றதுலயும் அந்தப் பொருள் இருந்தா அதையும் அமுக்கிட்டே போகணும், ஒண்ணுகூட மிச்சம் இல்லன்னதும்தான் கீழ இருக்குற பட்டன். புதுப் படம் மெதுவாத்தான் தெளியும், அதுக்குள்ள பட்டன அமுக்கிட்டு "சரியாத்தானே பண்ணேன், ஏன் திரும்பக் கேக்குது"ன்னு புலம்பறவங்க நெறைய. அப்ப அடியில சிவப்புல வர்ற வரி பெரும்பாலும் "புதுப் படத்தையும் பாருங்க"ன்னுதான் சொல்லுது, ஆள ரோபோன்னு சொல்லல.

அந்த 16 கட்டத்துல இன்னொரு குழப்பம் இருக்கு. சின்ன வரியில ஜெர்மன்ல keine, ஸ்பானிஷ்ல ningunoன்னு "எதுவும் இல்ல"ங்கற அர்த்தத்துல ஒரு வார்த்தை வரும். அரைகுறையா மொழிபெயர்த்துட்டு, ஓஹோ அந்தப் பொருள் இல்லாத கட்டத்த எடுக்கச் சொல்றாங்க போலன்னு தலைகீழா அமுக்கறவங்க உண்டு. அது சொல்றது, படத்துல அந்தப் பொருளே இல்லன்னா தாண்டிப் போன்னு. இத உறுதி பண்ண மொழியே வேண்டாம், வலது கீழ இருக்குற நீல பட்டன பாருங்க. எதையும் தொடாதப்ப ஒரு வார்த்தை இருக்கும், ஒரு கட்டத்த அமுக்குனதும் அது வேற வார்த்தையா மாறுச்சுன்னா முதல்ல இருந்தது "தாண்டு", இப்ப இருக்கறது "சரிபார்" இல்ல "அடுத்தது". ஜெர்மன்ல Überspringen, Bestätigenன்னு மாறும். தெரியாம அமுக்கிட்டா அதே கட்டத்த திரும்ப அமுக்குங்க, டிக் போயிடும்.

hCaptchaன்னு இன்னொண்ணு சில சைட்ல வரும். அதுல வார்த்தைக்குப் பக்கத்துலயே மாதிரிக்கு ஒரு படம் அடிக்கடி காட்டுவாங்க, புதிர் பெட்டியிலயே மொழிய மாத்துற குட்டி மெனுவும் இருக்கும், அத கவனிக்காம டிரான்ஸ்லேட்டர தேடிப் போகாதீங்க. ஆனா அதுல பொருந்தாதது எதுன்னும் கேப்பாங்க, அதனால மாதிரிப் படம் இல்லாதப்ப வாக்கியத்த முழுசா மாத்திப் பாத்துடறதுதான் நல்லது.

கடைசியா ஒண்ணு, இதுல தப்பு பண்ணா கம்ப்யூட்டரே போயிடும். கேப்ச்சா மாதிரியே வேஷம் போட்ட போலிப் பெட்டி இருக்கு, மொழி புரியாதப்ப "என்னமோ சொல்றான், செஞ்சுடுவோம்"னு மாட்டறது சுலபம். அதுல படம் இருக்காது, இல்ல பேருக்கு இருக்கும், அப்புறம் வரிசையா கீபோர்ட் பட்டன் பேர் வரும்: Win + R, அடுத்து Ctrl + V, அடுத்து Enter. ஜெர்மன்லயா இருந்தா Ctrl இருக்குற இடத்துல Strgன்னு இருக்கும். நீங்க பெட்டிய டிக் பண்ணப்பவே ஒரு கெட்ட கமாண்ட உங்களுக்குத் தெரியாம காப்பி பண்ணி வச்சிருப்பாங்க, அந்த மூணு வேலையும் சேந்து அத உங்க கையாலயே ஓட வைக்கும். நிஜ கேப்ச்சா எதுவா இருந்தாலும் எந்த மொழியா இருந்தாலும் அதோட பெட்டிக்குள்ளயே முடிஞ்சுடும், வெளிய எதையும் திறக்கவோ ஒட்டவோ நோட்டிஃபிகேஷனுக்கு அனுமதி குடுக்கவோ கேக்காது. அப்படி ஒரு வரி கண்ணுல பட்டா மொழிபெயர்த்துட்டு இருக்காம டேப்ப மூடிடுங்க.