பேலன்ஸ் ஷீட் டேலி ஆகிவிட்டது, ரொக்கம் சரியா?

லாப நட்டக் கணக்கு, பேலன்ஸ் ஷீட், கேஷ் ஃப்ளோ மூன்றையும் ஒரே ஷீட்டில் இணைத்து அடுத்த சில வருடங்களுக்குக் கணிப்பு போடும்போது, கடைசி வரியில் வித்தியாசம் பூஜ்யம் என்று வந்தால் போதும் என்ற எண்ணம் பலருக்கு வந்துவிடுகிறது. அந்தப் பூஜ்யத்தைத் தவறான வழியில் வரவழைக்கவும் முடியும். அப்படி வந்த பூஜ்யம், வித்தியாசம் வருவதைவிட ஆபத்தானது. ஒரே ஒரு சிறு உற்பத்தி நிறுவனத்தின் கணக்கை வைத்துப் பார்ப்போம். எல்லாத் தொகையும் லட்சத்தில்.

வருட ஆரம்பத்தில் ரொக்கம் 20, வாடிக்கையாளர்களிடமிருந்து வரவேண்டியது 60, சரக்கிருப்பு 50, நிலையான சொத்து 170. மொத்தம் 300. மறுபக்கம் சப்ளையர்களுக்குத் தரவேண்டியது 40, டெர்ம் லோன் 100, பங்கு மூலதனம் 100, சேர்ந்த லாபம் 60. அதுவும் 300.

அந்த வருடம் விற்பனை 400. பொருள், கூலி, மற்ற செலவு எல்லாம் சேர்த்து 318. தேய்மானம் 22. ஆரம்பக் கடன் மீது 10 சதவீத வட்டி, அதாவது 10. ஏட்டு மதிப்பு 7 இருந்த ஒரு பழைய மெஷினை 11-க்கு விற்றதில் லாபம் 4. வரிக்கு முந்தைய லாபம் 54, வரி 14, நிகர லாபம் 40. புது மெஷினுக்கு 40 செலவு, கடனில் 20 அடைப்பு, டிவிடெண்ட் 8. வருடக் கடைசியில் வரவேண்டியது 75, சரக்கு 55, தரவேண்டியது 46.

கேஷ் ஃப்ளோவில் நிகர லாபம் 40-உடன் தேய்மானம் 22-ஐக் கூட்டி, மெஷின் லாபம் 4-ஐக் கழிக்கிறோம். வரவேண்டியது கூடியதால் 15, சரக்கு கூடியதால் 5 போகிறது. தரவேண்டியது கூடியதால் 6 வருகிறது. தொழிலில் இருந்து வந்த பணம் 44. முதலீட்டில் 40 போய் 11 வந்ததால் மைனஸ் 29. கடனும் டிவிடெண்டும் சேர்ந்து மைனஸ் 28. மொத்தத்தில் மைனஸ் 13, எனவே 20-ஆக இருந்த ரொக்கம் 7 ஆகிறது. நிலையான சொத்து 181, சேர்ந்த லாபம் 92, கடன் 80. இரண்டு பக்கமும் 318. இதுதான் சரியான விடை. இனி இதை எப்படியெல்லாம் கெடுக்கிறார்கள் என்று பார்க்கலாம்.

ரொக்கத்தைக் கொண்டு இடைவெளியை அடைப்பது

வித்தியாசம் தீராமல் இரவு பதினொரு மணி ஆகிவிட்டால், கை தானாக இந்த ஃபார்முலாவுக்குப் போகும்:

```
=E28-SUM(E6:E8)
```

பொறுப்புகளின் மொத்தத்திலிருந்து மற்ற சொத்துகளைக் கழித்து, மிச்சத்தை ரொக்கம் என்று எழுதிவிடுவது. பேலன்ஸ் ஷீட் உடனே டேலி ஆகும். இனி எந்தத் தவறு செய்தாலும் டேலி ஆகிக்கொண்டே இருக்கும், சிக்கலே அதுதான். நம் கணக்கில் கடன் அடைப்பு 20 கேஷ் ஃப்ளோவில் இருக்கிறது, ஆனால் பேலன்ஸ் ஷீட்டில் கடன் வரியை இணைக்க மறந்து 100-ஆகவே விட்டுவிட்டோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே உள்ள ஃபார்முலா ரொக்கத்தை 27 என்று காட்டும். கையில் இருப்பதோ 7. 27 லட்சம் இருக்கிறது என்று நம்பி இன்னொரு மெஷினுக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முதலாளியை நினைத்துப் பாருங்கள்.

பேலன்ஸ் ஷீட்டின் ரொக்கத்துக்கு ஒரே ஒரு ஊற்றுதான் இருக்க வேண்டும். அது கேஷ் ஃப்ளோவின் கடைசி வரி:

```
=CashFlow!E24
```

இதைப் போட்டதும் வித்தியாசம் தெரிந்தால் தெரியட்டும். இரண்டு மொத்தங்களுக்கும் கீழே தனி வரியில் `=ROUND(E10-E28,2)` என்று வைத்து, பூஜ்யம் இல்லாவிட்டால் சிவப்பாகும்படி செய்யுங்கள். ROUND இல்லாவிட்டால் தசமத்துக்குப் பின்னால் பத்தாவது இடத்தில் உள்ள துகள்கூடத் தவறு போலத் தோன்றி அலைக்கழிக்கும்.

வித்தியாசத்தின் தொகையைப் படிக்காமல் விடுவது

சிவப்பு தெரிந்ததும் ஒவ்வொரு செல்லாகக் கிளிக் செய்து தேடுகிறவர்கள் நிறைய பேர். தேடுவதற்கு முன் அந்தத் தொகையையே உற்றுப் பாருங்கள், பாதி விடை அதில் இருக்கும். நம் கணக்கில் வித்தியாசம் 8 என்று வந்தால், 8 என்பது டிவிடெண்ட். சேர்ந்த லாபத்தில் கழித்துவிட்டு கேஷ் ஃப்ளோவில் போட மறந்திருப்போம். வித்தியாசம் 30 என்று வந்தால்? 30 என்ற தொகை எங்கேயும் இல்லை. அப்போது அதைப் பாதியாக்குங்கள். 15, வரவேண்டியதன் உயர்வு. அதைக் கழிப்பதற்குப் பதில் கூட்டியிருக்கிறோம். விட்டுப்போன வரி தன் முழுத் தொகையையும் காட்டும், குறி மாறிய வரி தன் இரட்டைத் தொகையைக் காட்டும்.

அப்புறம் வருட வாரியாகப் பாருங்கள். எல்லா வருடமும் ஒரே தொகை நின்றால் ஆரம்பப் பேலன்ஸ் ஷீட்டே டேலி ஆகவில்லை, அல்லது முதல் வருடத்தில் மட்டும் ஒரு தவறு. 8, 16, 24 என்று ஏறிக்கொண்டே போனால் எல்லா வருடத்துக்கும் இழுத்து காப்பி செய்த ஃபார்முலாவில் தவறு. திடீரென்று நான்காவது வருடத்தில் தொடங்கினால் அந்த வருடத்தில் யாரோ ஃபார்முலாவின் மேல் கையால் எண்ணைத் தட்டியிருக்கிறார்கள். எனவே ஆரம்பப் பேலன்ஸ் ஷீட்டைக் கணிப்பு தொடங்கும் முன்பே தனியாகச் சரிபார்த்துவிடுங்கள். ஆடிட் செய்த அறிக்கையிலிருந்து லட்சத்துக்கு முழுமையாக்கி எடுத்த எண்களில் 1 லட்சம் விலகுவது சாதாரணம்.

வட்டி விஷயத்தில் ஒரு தனி எச்சரிக்கை. இந்தியாவின் கணக்கியல் தரநிலை AS 3-இன்படி, நிதி நிறுவனம் அல்லாதவர்கள் கட்டிய வட்டியை நிதித் திரட்டல் பகுதியில் காட்ட வேண்டும். அப்படிக் காட்டினால் மேலே தொழில் பகுதியில் 10-ஐத் திரும்பக் கூட்டி, கீழே 10-ஐக் கழிக்க வேண்டும். கீழே கழித்துவிட்டு மேலே கூட்ட மறப்பது அடிக்கடி நடக்கும். நான் மேலே போட்ட எளிய அமைப்பில் வட்டி லாபத்துக்குள்ளேயே கழிந்துவிட்டதால் அதை நகர்த்தவில்லை.

பூஜ்யம் வந்ததும் நிறுத்திவிடுவது

என்னை அதிகம் கவலைப்பட வைப்பது இந்தத் தவறுதான். பழைய மெஷின் விற்பனைக்குத் திரும்பி வருவோம். 11 லட்சம் முழுவதும் முதலீட்டுப் பகுதியில் வந்துவிட்டது. அதில் லாபப் பகுதியான 4 ஏற்கெனவே நிகர லாபம் 40-க்குள்ளும் இருக்கிறது. அதைத் தொழில் பகுதியில் கழிக்காவிட்டால் இரண்டு முறை எண்ணியதாகும். ரொக்கம் 11 ஆகிவிடும், வித்தியாசம் 4 என்று சிவப்பு தெரியும்.

இப்போது அதே ஆள் இன்னொரு தவறும் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நிலையான சொத்திலிருந்து ஏட்டு மதிப்பு 7-ஐக் கழிப்பதற்குப் பதில் விற்ற விலை 11-ஐக் கழித்துவிடுகிறார். சொத்து 181-க்குப் பதில் 177. ரொக்கம் 11, வரவேண்டியது 75, சரக்கு 55, சொத்து 177, கூட்டினால் 318. மறுபக்கமும் 318. வித்தியாசம் பூஜ்யம், ஷீட் பச்சை. ரொக்கமும் தவறு, சொத்தும் தவறு. இந்த இரண்டு தவறும் எளிதில் ஜோடியாக வந்துவிடும், ஏனென்றால் இரண்டுக்கும் மூலம் ஒரே தவறான எண்ணம்: விற்ற விலையை ஏட்டு மதிப்போடு குழப்பிக்கொள்வது.

ஒரு வங்கிக் கடன் கோரிக்கைக்காக நான் போட்ட கணிப்பில் இதே ஜோடி நுழைந்து, இரண்டு நாள் பச்சையாகவே இருந்தது. தற்செயலாகச் சொத்துப் பதிவேட்டின் மொத்தத்தோடு ஒப்பிட்டபோதுதான் பிடிபட்டது. அதற்குப் பிறகு நேரடி முறையில் ஒரு கணக்கு போடாமல் எந்த ஷீட்டையும் அனுப்புவதில்லை. அது சுலபம். விற்பனை 400-இல் இன்னும் வராத 15 போக, கையில் வந்தது 385. செலவு 318, கூடுதலாக வாங்கி வைத்த சரக்கு 5, இன்னும் கொடுக்காத 6 கழிந்து, வெளியே போனது 317. வட்டி 10, வரி 14. மிச்சம் 44. மேலே லாபத்திலிருந்து தொடங்கிப் போட்ட மறைமுக முறையிலும் 44 வர வேண்டும். மேலே சொன்ன தவறான ஷீட்டில் 48 வரும், 4 விலகும், அந்த 4 எந்த வரி என்று பார்த்ததும் தெரியும். லாபத்திலிருந்து இறங்காமல் பணத்திலிருந்தே தொடங்குவதால் இந்தக் கணக்கு மெஷின் லாபத்தைத் தொடவே தொடாது, அதனால்தான் அந்தத் தவறு இதற்குள் ஒளிந்துகொள்ள முடிவதில்லை.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. வரவேண்டியது 75 என்ற அனுமானமே தவறென்றால் இரண்டு முறையும் ஒன்றுபோலத் தவறும். விற்பனையில் 75 எத்தனை நாளுக்குச் சமம் என்று கணக்கிட்டால் சுமார் 68 நாள். போன வருட நாட்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பது தனி வேலை.

வட்டியும் ரொக்கமும் ஒன்றையொன்று துரத்துவது

நம் நிறுவனம் குறைந்தது 15 ரொக்கம் வைத்திருக்க விரும்புகிறது என்றால், 7 மட்டும் இருக்கும்போது வங்கியின் கேஷ் கிரெடிட்டில் 8 எடுக்க வேண்டும். இங்கே சிலர் ரொக்க வரியிலேயே MAX போட்டு 15-க்குக் கீழே இறங்காமல் பூட்டிவிடுவார்கள். 8 எங்கிருந்து வந்தது என்று மறுபக்கத்தில் எதுவும் இல்லாததால் ஷீட் உடையும். எடுப்பதைத் தனி வரியாக எழுதுங்கள்:

```
=MAX(-D44,$B$5-E42)
```

E42 என்பது கேஷ் கிரெடிட்டுக்கு முந்தைய ரொக்கம், B5 குறைந்தபட்சம், D44 போன வருட பாக்கி. பணம் மிஞ்சினால் விடை மைனஸாகி பாக்கி அடையும், ஆனால் இருக்கும் பாக்கிக்கு மேல் அடையாது. இந்த ஒரே வரி கேஷ் ஃப்ளோவுக்கும் பேலன்ஸ் ஷீட்டுக்கும் போக வேண்டும்.

இந்தப் பாக்கிக்கு வருட சராசரி மீது வட்டி போட்டால் சுழல் தொடங்கும். வட்டி லாபத்தைக் குறைக்கும், லாபம் ரொக்கத்தைக் குறைக்கும், ரொக்கம் பாக்கியைக் கூட்டும், பாக்கி மறுபடி வட்டியைக் கூட்டும். தவணை நிச்சயமான டெர்ம் லோனுக்கு இந்தத் தொல்லை இல்லை, அங்கே சராசரியைத் தாராளமாகப் போடலாம். கேஷ் கிரெடிட்டுக்கு எக்செல் எச்சரித்ததும் Enable iterative calculation-ஐ டிக் செய்துவிட்டுப் போவது எளிது. ஆனால் அதன் பிறகு தவறுதலாக நுழையும் சுழலையும் எக்செல் சொல்லாது. சுழலுக்குள் ஒருமுறை #REF! நுழைந்துவிட்டால் காரணத்தைச் சரிசெய்த பிறகும் அது தன்னைத்தானே சுற்றிக்கொண்டே நிற்கும். எனவே ஒரு சுவிட்ச் வையுங்கள்:

```
=IF($B$3=1,AVERAGE(D44,E44),D44)*$B$4
```

B4 வட்டி விகிதம், B3 சுவிட்ச். B3-இல் 0 தட்டினால் ஆரம்பப் பாக்கி மீது மட்டும் வட்டி, சுழல் அறுந்து பிழையும் கழுவப்படும். மறுபடி 1 தட்டினால் சராசரிக்குத் திரும்பும். நான் பெரும்பாலும் 0-விலேயே வைத்திருக்கிறேன். நம் கணக்கில் 8 லட்சம் பாக்கியின் சராசரி 4, அதன் மேல் 10 சதவீதம் 40 ஆயிரம் ரூபாய். அந்த அளவுத் துல்லியத்துக்காக முழு ஷீட்டையும் சுழலில் விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. கேஷ் கிரெடிட் வரம்பு கோடிக்கணக்கில் போகும் நிறுவனத்துக்கு மட்டும் 1 தட்டி, வித்தியாச வரியையும் நேரடி முறைக் கணக்கையும் மறுபடி ஒருமுறை பார்த்துவிட்டு அனுப்புகிறேன்.