பதில் வராத மெசேஜுக்கு என்ன அர்த்தம்? நேரில் சந்திக்காத குழுவுக்கு ஒரு பக்க உடன்பாடு

ஒரே அறையில் வேலை பார்ப்பவர் பதில் சொல்லவில்லை என்றால் காரணம் கண்ணுக்குத் தெரிந்துவிடும். போனில் பேசிக்கொண்டிருப்பார், அல்லது இருக்கையில் ஆளே இருக்காது, அல்லது கேட்டதும் முகம் சுருங்கியிருக்கும். சாட்டில் இந்த மூன்றுமே ஒரே வெற்றிடமாகத்தான் தெரியும். அந்த வெற்றிடத்தை நாம் சும்மா விடுவதில்லை, "இவர் அக்கறையில்லாத ஆள்" என்று நாமே நிரப்பிக்கொள்கிறோம்.

வெவ்வேறு ஊர்களில் இருந்து இணையம் வழியே சேர்ந்து வேலை செய்த 13 மாணவர் குழுக்களை ஆராய்ந்து கேத்தரின் கிராம்டன் 2001-இல் ஒரு கட்டுரை எழுதினார். அவர் கண்ட ஐந்து சிக்கல்களில் ஒன்று, மௌனத்துக்கு என்ன பொருள் என்று தெரியாமல் போவது. சம்மதம், கடும் எதிர்ப்பு, ஊரில் இல்லை, கேள்வியையே கவனிக்கவில்லை என எல்லாமே மௌனமாகத்தான் வெளிப்பட்டன. ஆகவே குழு உடன்பாடு எழுதுவதென்றால் மௌனத்தில் தொடங்குங்கள். மீட்டிங்கில் கேமரா போடுவதா வேண்டாமா என்பதையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

எல்லோரும் பார்க்கும் ஒரு சாட் சேனலும், எல்லோரும் திருத்தக்கூடிய ஒரு டாக்குமென்ட்டும் உங்களிடம் இருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: பதில் வராத மெசேஜ்களைத் திரட்டுங்கள்

ஒவ்வொருவரும் கடந்த ஒரு மாதத்தில் தமக்குப் பதில் வராத இரண்டு மெசேஜ்களையும், அப்போது தாம் என்ன நினைத்தார்கள் என்பதையும் எழுதி ஒருவரிடம் தனியாக அனுப்பட்டும். அவர் பெயர்களை எடுத்துவிட்டு டாக்குமென்ட்டில் போடுவார். 6 பேர் குழு என்றால் 12 வரிகள் கிடைக்கும். இதைத் தாண்டிக் குதித்தால் "சீக்கிரம் பதில் போடுவோம்" என்ற வரியில் போய் நிற்பீர்கள். அதற்கு எல்லோரும் தலையாட்டுவார்கள், ஆனால் யாருடைய "சீக்கிரம்" எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது.

படி 2: "பார்த்தேன்" வேறு, "பதில்" வேறு

பெரும்பாலான மனத்தாங்கல் இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதில்தான் பிறக்கிறது. கேட்டவருக்கு உடனே வேண்டியது விடை அல்ல, கேள்வி போய்ச் சேர்ந்தது என்ற தகவல். வேலை நேரத்தில் பார்த்தவுடன் ஒரு கண் குறி 👀 போட்டு, விடை எப்போது வரும் என்று ஒரு வரி எழுத வேண்டும்: "👀 புதன் மாலைக்குள் சொல்கிறேன்." நேரம் சொல்லாத "பார்க்கிறேன்" செல்லாது என்று உடன்பாட்டிலேயே எழுதிவிடுங்கள்.

தானாகவே "படித்தார்" என்று காட்டும் வசதியை நான் அணைத்து வைக்கவே சொல்வேன். மெசேஜைத் திறந்ததைத்தான் அது காட்டும், பொறுப்பெடுத்ததை அல்ல. படித்தும் பதில் இல்லை என்ற புதுக் கோபத்துக்குத்தான் அது வழி செய்யும்.

படி 3: கெடுவை யாருடைய கடிகாரத்தில் எழுதுவது?

எல்லோரும் வழுக்கி விழும் இடம் இது, நிதானமாகப் பாருங்கள். "24 மணி நேரத்துக்குள் பதில்" என்று எழுதினால் நேர்மையாகத்தான் தோன்றும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு குழுவில் வடிவமைப்பாளர் இருப்பது UTC+5:30, அதாவது உலகப் பொது நேரமான UTC-ஐவிட ஐந்தரை மணி நேரம் முன்னே. சோதனையாளர் இருப்பது UTC-5, ஐந்து மணி நேரம் பின்னே. இருவருக்கும் வேலை நேரம் தத்தம் கடிகாரத்தில் காலை 9 முதல் மாலை 6 வரை. UTC-இல் வடிவமைப்பாளரின் நாள் 03:30 முதல் 12:30 வரை, சோதனையாளரின் நாள் 14:00 முதல் 23:00 வரை. இருவரும் சேர்ந்து விழித்திருந்து வேலை பார்க்கும் நேரம் ஒரு நிமிடம்கூட இல்லை.

வெள்ளி மாலை 5 மணிக்கு வடிவமைப்பாளர் ஒரு கேள்வி அனுப்புகிறார். அப்போது சோதனையாளருக்குக் காலை 6:30. அவர் அன்றே தன் நாள் முடிவதற்குள் பதில் போட்டாலும் வடிவமைப்பாளர் அதைப் பார்ப்பது திங்கள் காலை. சோதனையாளருக்கு வெள்ளியன்று விடுப்பு என்றால் பதில் திங்கள் இரவு வரும், பார்ப்பது செவ்வாய் காலை. யாரும் எந்தத் தவறும் செய்யவில்லை, ஆனால் நான்கு நாள் ஓடிவிட்டது. 24 மணி நேர விதிப்படி சோதனையாளர் வாக்குத் தவறியவர் ஆகிவிடுகிறார்.

அதனால் கெடுவைப் பெறுபவரின் வேலை நாளில் எழுதுங்கள்: "மெசேஜ் வந்தபின் பெறுபவருக்கு முழுதாகக் கிடைக்கும் முதல் வேலை நாள் முடிவதற்குள் 👀." பக்கத்திலேயே ஒவ்வொருவரின் வேலை நேரத்தையும், வரப்போகும் விடுப்பையும் குறியுங்கள். அனுப்புபவருக்கும் ஒரு கடமை உண்டு. பதில் எதற்கு, எப்போதைக்கு வேண்டும் என்பதை முதல் வரியில் சொல்ல வேண்டும். "பொத்தான் நிறம் பற்றி உங்கள் கருத்து?" என்பதைவிட "நீலமா பச்சையா, ஒன்று சொல்லுங்கள், புதன் 14:00 UTC-க்கு நான் கோப்பை அனுப்பியாக வேண்டும்" என்பது பாதிக் காத்திருப்பைக் குறைக்கும்.

படி 4: மௌனம் எப்போது சம்மதம்?

உடன்பாட்டில் இப்படி ஒரு வரி சேருங்கள்: "இன்ன நாள் இன்ன நேரத்துக்குள் மறுப்பு வராவிட்டால் இப்படியே செய்கிறேன்" என்று அனுப்பியவர் சொல்லியிருந்தால் மட்டுமே மௌனம் சம்மதம். மற்ற எல்லா இடத்திலும் மௌனத்துக்குப் பொருளே இல்லை.

இதற்கு எல்லை உண்டு. திரும்ப மாற்றக்கூடிய முடிவுகளுக்குத்தான் இது பொருந்தும். தரவை அழிப்பது, பணம் செலவழிப்பது, இன்னொருவரின் பொறுப்பை மாற்றுவது ஆகியவற்றுக்கு வெளிப்படையான "சரி" வேண்டும். விடுப்பில் இருப்பவரின் மௌனமும் கணக்கில் வராது. இதை எழுதாத குழுவில் யாராவது ஒருவர் விடுப்பு முடிந்து வந்து "என்னைக் கேட்காமலே முடித்துவிட்டீர்களே" என்பார். அது நியாயமும்கூட.

படி 5: வாக்குத் தவறினால்

முதல் முறை: தனி மெசேஜில், காரணம் ஊகிக்காமல், நடந்ததை மட்டும் சொல்லிக் கேட்பது. "செவ்வாய் அனுப்பியதற்கு 👀 வரவில்லை. போய்ச் சேர்ந்ததா?" இவ்வளவு போதும். "மறந்துவிட்டீர்களா" என்ற சொல் வேண்டாம், அதிலேயே தீர்ப்பு இருக்கிறது. இரண்டாம் முறையும் பதில் இல்லையென்றால் போன், அல்லது குழுவை ஒருங்கிணைப்பவர். பொதுச் சேனலில் பெயர் போட்டு இழுப்பது கடைசி வழியாகக்கூட வேண்டாம்.

இரண்டு வாரம் இப்படி ஓட்டுங்கள். பிறகு "நினைவூட்டுகிறேன்", "ஏதாவது தகவல் உண்டா" போன்ற மெசேஜ்களைத் தேடி எண்ணுங்கள். முந்தைய இரண்டு வாரத்தைவிடக் குறையவில்லை என்றால், எந்த வரியை யாரும் பின்பற்றவில்லை என்று பாருங்கள். அந்த வரியைத் திருத்துங்கள், அல்லது நீக்குங்கள். யாரும் மதிக்காத ஒரு வரி மற்ற வரிகளின் மதிப்பையும் சேர்த்துக் கெடுக்கும்.

பிற்சேர்க்கை: முயன்று பார்த்தவர்கள் மாட்டிக்கொண்ட இரண்டு இடங்கள்

ஒன்று, 👍 குறி. சிலர் இதை "பார்த்தேன்" என்றும் சிலர் "ஒப்புக்கொள்கிறேன்" என்றும் போடுகிறார்கள். முடிவெடுக்கும் மெசேஜ்களில் 👍 செல்லாது, பார்த்ததற்கு 👀, ஒப்புதலுக்கு ✅ மட்டும்தான் என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் தொல்லை இல்லை.

இரண்டு, கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளும் நாடுகள். அமெரிக்காவில் மார்ச் இரண்டாம் ஞாயிறு, ஐரோப்பாவில் மார்ச் கடைசி ஞாயிறு. இடைப்பட்ட இரண்டு, மூன்று வாரங்களில் மீட்டிங் நேரம் ஒருவருக்கு மட்டும் ஒரு மணி நேரம் தள்ளிப்போகும், வராதவர் சோம்பேறி ஆகிவிடுவார். உடன்பாட்டில் வேலை நேரத்தை UTC+1 என்று எண்ணில் எழுதாமல் ஊர்ப் பெயரோடு எழுதுங்கள். காலண்டர் தானே சரி செய்துகொள்ளும்.