விரை இறங்கும் வழி: ஒரு சொம்பு, மூன்று துணி, ஒரு பலூன்

தஞ்சாவூரில் முதலாண்டு மருத்துவம் படிக்கும் என் தங்கைக்கு விரையைச் சுற்றிய உறைகளின் வரிசை பிடிபடவில்லை. கருவில் விரை வயிற்றிலிருந்து விரைப்பைக்கு இறங்கும்போது வயிற்றுச் சுவரின் அடுக்குகளையும் கூடவே இழுத்து வருகிறது, அவைதான் அந்த உறைகள். விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருந்தபோது துணியில் செய்து காட்டினேன். நீங்களும் செய்து பாருங்கள்.

1. வாய் அகன்ற சொம்பு ஒன்றை எடுங்கள். இதுதான் விரைப்பையின் தோலும் அதை ஒட்டிய டார்டோஸ் படலமும். இவை இறங்கி வருவதில்லை, அங்கேயே காத்திருக்கின்றன.

2. சொம்பின் வாய்மேல் மூன்று துணிகளைத் தொய்வாகப் போடுங்கள். இவை வயிற்றுச் சுவரின் அடுக்குகள். அடியில் வெள்ளை: எக்ஸ்டர்னல் ஆப்லிக் தசையின் தகடு. நடுவில் சிவப்பு: இன்டர்னல் ஆப்லிக் தசை. மேலே மஞ்சள்: டிரான்ஸ்வர்சாலிஸ் படலம். பழைய பருத்தி வேட்டிதான் நல்லது, நைலான் வழுக்கிவிடும். அதே சுவரில் உள்ள டிரான்ஸ்வர்சஸ் தசைக்குத் துணி வேண்டாம். அதன் கீழ் விளிம்பு விரை இறங்கும் வழிக்கு மேலே வளைந்து நின்றுவிடுகிறது.

3. ஊதாத பலூன்தான் வயிற்றறையின் உட்சவ்வான பெரிட்டோனியம். புளியங்கொட்டைதான் விரை. முதல்முறை நான் கொட்டையைப் பலூனுக்குள் போட்டேன், எல்லாம் தப்பாகிவிட்டது. விரை வயிற்றறைக்குள் மிதப்பதில்லை. சிறுநீரகத்தின் அருகே, பெரிட்டோனியத்துக்குப் பின்னால் உருவாகிறது. ஆகவே கொட்டையைப் பலூனின் வெளிப்புறம், பின்பக்கத்தில் ஒட்டுங்கள். கொட்டைக்கும் மஞ்சள் துணிக்கும் நடுவே பலூன் வரக்கூடாது.

4. கொட்டையில் இரண்டு நூல் கட்டி மேலே விடுங்கள். ஒன்று பெருந்தமனியிலிருந்து வரும் விரைத் தமனி. மற்றது கருவின் மீசோநெஃப்ரிக் குழாயில் பிறந்த விந்துக்குழாய். பலூனுக்குள் விரலை விட்டு, மூன்று துணிகளோடும் சேர்த்து மெல்ல அழுத்துங்கள். கொட்டை நூல்களை இழுத்துக்கொண்டே சொம்புக்குள் இறங்கும். கருவில் விரை ஏழாம் மாத வாக்கில் கவட்டுக் கால்வாயைக் கடக்கிறது. குபெர்னாகுலம் என்னும் தசைநார் வழிகாட்டுகிறது.

இப்போது வெளியிலிருந்து எண்ணுங்கள்: வெள்ளை வெளி உறை, சிவப்பு கிரெமாஸ்டர் தசை, மஞ்சள் உள் உறை. நூல்கள் மூன்றுக்கும் உள்ளே. விரைநாண் இதுவே.

5. பலூனின் கழுத்தைக் கட்டுங்கள். கொட்டையின் முன்பக்கத்தையும் பக்கவாட்டையும் மூடி நிற்கும் மிச்சம்தான் டியூனிகா வஜைனாலிஸ்.

கட்ட மறந்தால்? தலைமதகை அடைக்காத வாய்க்கால் மாதிரி வயிற்று நீர் கீழே வரும். என் அக்கா மகனுக்குக் காலையில் விரைப்பை சின்னதாகவும் மாலையில் வீங்கியும் இருந்தது. படுத்தால் நீர் திரும்பிவிடுகிறது, அவ்வளவுதான். குழந்தைகளிடம் பெரும்பாலும் ஓரிரு ஆண்டில் தானே அடைபடும். ஆனால் வீக்கம் கெட்டியாகி, வலித்து, உள்ளே போகாமல் நின்றால் குடல் சிக்கியிருக்கலாம். உடனே மருத்துவமனைக்குப் போகவேண்டும்.

பின்சேர்க்கை: இலியோஇங்குவினல் நரம்பு எந்த நூல் என்று இருவர் கேட்டிருந்தார்கள். அது மேலிருந்து வருவதில்லை. பக்கவாட்டில் வெள்ளைக்கும் சிவப்புக்கும் இடையே ஒரு நூலை நுழையுங்கள். கால்வாயில் கூடவே வந்தாலும் அது விரைநாணின் உள்ளே இல்லை.