பிளஸ் 1 மாணவர்களுக்கு நோட்டு வாங்க நன்கொடை கேட்கும் பதிவை எழுதுவது எப்படி?

எங்கள் ஊர் அரசு மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் 1 கணினி அறிவியல் பிரிவில் சேர்ந்த 48 மாணவர்களுக்கு நோட்டுகள் வாங்குவதற்காக இன்ஸ்டாகிராமிலும் வாட்ஸ்அப்பிலும் பகிர்ந்த ஒரு பதிவை, மூன்று முறை திருத்தி எழுதிய பின்னரே பணம் தடையின்றி வரத் தொடங்கியது. அந்தத் திருத்தங்களை வரிசையாக இங்கே எழுதுகிறேன். படம் தயாரிப்பது, பதிவேற்றுவது போன்றவற்றை விட்டுவிட்டுப் பதிவின் வாசகத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் பள்ளியில் கேளுங்கள்

அரசுப் பள்ளிக்கு என்று சொன்னவுடனேயே, "எல்லாவற்றையும் அரசே இலவசமாகக் கொடுக்கிறதே?" என்ற கேள்வி வரும், அது நியாயமான கேள்வி. தமிழ்நாட்டில் விலையில்லாப் பாடநூல்கள் பன்னிரண்டாம் வகுப்பு வரை கிடைக்கின்றன. ஆனால் விலையில்லா நோட்டுகள் பத்தாம் வகுப்போடு நின்றுவிடுகின்றன. பிளஸ் 1 சேரும் மாணவர் ஆறு பாடங்களுக்கும் நோட்டு வாங்க வேண்டும். அறிவியல் பிரிவென்றால் செய்முறைக்கான ரெக்கார்டு நோட்டுகளும் சேர்ந்துகொள்ளும். ஆகவே "ஏழை மாணவர்களுக்குப் பள்ளிப் பொருட்கள்" என்று பொதுவாக எழுதாமல், அரசு கொடுக்காத பொருள் எது என்பதைத் தலைமை ஆசிரியரிடம் கேட்டு, அதை ஒரே வரியில் பதிவில் சேர்த்துவிடுங்கள். அந்த வரியைச் சேர்த்த பிறகு எனக்கு அந்தக் கேள்வி வரவே இல்லை.

இலக்கை நோட்டுக் கணக்கில் சொல்லுங்கள்

மொத்த விலைக் கடையில் எழுதி வாங்கிய விலைப்பட்டியலை வைத்து ஒரு மாணவருக்கான கணக்கைப் போட்டேன். 200 பக்க லாங் சைஸ் நோட்டு ஆறு, ஒன்று ₹55 வீதம் ₹330. ரெக்கார்டு நோட்டு மூன்று, ஒன்று ₹60 வீதம் ₹180. பேனா நான்கு, ₹40. ஆக ஒரு தொகுப்பு ₹550. 48 பேருக்கு ₹26,400. வண்டிக் கூலியை நாங்களே ஏற்றுக்கொண்டதால் அது கணக்கில் வரவில்லை. நன்கொடையில் இருந்து எடுப்பதாக இருந்தால் அதையும் வெளிப்படையாக எழுதிவிட வேண்டும்.

என் முதல் வடிவத்தில் "₹26,400 தேவை, இயன்றதைக் கொடுங்கள்" என்று மட்டுமே எழுதியிருந்தேன். தாங்கள் அனுப்பும் ₹100 அதில் எங்கே போய்ச் சேரும் என்று யாருக்கும் தெரியவில்லை. ₹55 ஒரு நோட்டு, ₹180 மூன்று ரெக்கார்டு நோட்டுகள், ₹550 ஒரு மாணவரின் முழுத் தொகுப்பு என்று பிரித்து எழுதியதும், கல்லூரி மாணவர்கள் ₹55, ₹110 என அனுப்பத் தொடங்கினர்.

முதல் வரியிலேயே மூன்று செய்திகள்

இன்ஸ்டாகிராமில் பதிவின் தொடக்கம் மட்டுமே கண்ணில் படும். ஏறத்தாழ 125 குறிகளுக்குப் பிறகு உள்ளவற்றைத் தட்டித்தான் திறக்க வேண்டும். தமிழில் எழுதுவோர் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். "நோட்டு" என்பது நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. கணினிக்கு ஆறு குறி, ஏனெனில் உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படுகின்றன. வணக்கமும் முன்னுரையும் எழுதினால் அந்த இடம் அங்கேயே தீர்ந்துவிடும். யாருக்கு, எவ்வளவு, எப்போதைக்குள் என்ற மூன்றும் முதல் வரியில் அடங்க வேண்டும்.

பணம் செலுத்தும் வரி

நான் இடறியது இந்த இடத்தில்தான். பதிவில் எங்கள் நண்பர் குழுவின் பெயரைப் போட்டு, அதன் கீழே ஒரு நண்பரின் யூபிஐ முகவரியைக் கொடுத்திருந்தேன். பணம் அனுப்புவதற்கு முன் செயலி, வங்கிக் கணக்கில் உள்ள பெயரைத் திரையில் காட்டும். பதிவில் குழுவின் பெயரும், திரையில் தாங்கள் அறியாத ஒருவருடைய பெயரும் இருப்பதைப் பார்த்த பலர் அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டார்கள். நான்கு பேர் தொலைபேசியில் அழைத்துக் கேட்டதால்தான் எனக்கு இது தெரிய வந்தது; அழைக்காமல் விலகியவர்கள் எத்தனை பேரோ. அதனால், பதிவிடும் முன் வேறொருவரின் கைபேசியிலிருந்து ₹1 அனுப்பிப் பாருங்கள். திரையில் தோன்றும் பெயரை எழுத்து மாறாமல் பதிவில் எழுதி, அவர் யார் என்பதையும் அருகிலேயே சொல்லுங்கள்.

இன்ஸ்டாகிராம் பதிவின் வாசகத்தில் இணைப்பு கொடுத்தாலும் அதைத் தட்டித் திறக்க முடியாது. ஆகவே முகவரியைப் பார்த்துத் தட்டச்சு செய்பவர்களும் இருப்பார்கள். எல் எழுத்தும் 1 என்ற எண்ணும், ஓ எழுத்தும் சுழியமும் குழப்பம் தரும் முகவரியைத் தவிர்த்து, குறுகிய முகவரி ஒன்றை அமைத்துக்கொள்ளுங்கள். க்யூஆர் குறியை இரண்டாவது படமாகச் சேர்க்கலாம். எனினும் பதிவைப் பார்க்கும் அதே கைபேசியால் அதை நேரடியாக ஸ்கேன் செய்ய இயலாது என்பதால், அதை மட்டும் நம்பக் கூடாது. வீட்டுச் செலவுகள் நடக்கும் கணக்கையும் பயன்படுத்த வேண்டாம். இதற்கெனத் தனிச் சேமிப்புக் கணக்கு வைத்துக்கொள்வதே என் விருப்பம். ஐம்பதாயிரத்துக்கும் குறைவான தொகைக்கு, கட்டணம் பிடிக்கும் நிதி திரட்டும் தளங்களை விட அது எளிது.

முழு வடிவம்

> 48 பிளஸ் 1 மாணவர்களுக்கு நோட்டு தேவை. ஒருவருக்கு ₹550. ஜூன் 14க்குள் தர இயலுமா?
>
> அரசின் விலையில்லா நோட்டுகள் பத்தாம் வகுப்பு வரைதான். இவர்கள் ஆறு பாட நோட்டுகளையும் மூன்று ரெக்கார்டு நோட்டுகளையும் தாங்களே வாங்க வேண்டும்.
>
> ₹55 – ஒரு நோட்டு
> ₹180 – மூன்று ரெக்கார்டு நோட்டுகள்
> ₹550 – ஒரு மாணவரின் முழுத் தொகுப்பு
> இலக்கு: 48 தொகுப்புகள், ₹26,400
>
> யூபிஐ: `nottu48@bank`
> திரையில் தோன்றும் பெயர்: (வங்கிக் கணக்கில் உள்ளபடி), எங்கள் குழுவின் பொருளாளர்
> குறிப்பில் "நோட்டு" என எழுதுங்கள்.
>
> ஜூன் 14 மாலை 6 மணிக்கு வசூல் முடியும். கூடுதலாக வரும் தொகையில் இதே பள்ளியின் பிளஸ் 2 மாணவர்களுக்கு ரெக்கார்டு நோட்டு வாங்குவோம். கடை ரசீது ஜூன் 17 அன்று இதே பக்கத்தில் வெளியாகும்.

இதில் உள்ள முகவரி மாதிரிக்கானது, உங்களுடையதை இடுங்கள். குழந்தைகளின் முகங்களைப் படமாகப் போட வேண்டாம். அடுக்கி வைத்த நோட்டுகளின் படமே போதும்; உதவி பெற்றவர் என்ற அடையாளத்தோடு ஒரு மாணவி வகுப்பில் உட்கார வேண்டியிருக்கக் கூடாது.

பதிவிட்ட பிறகு

இன்ஸ்டாகிராம் வாசகத்தை எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம் என்பதால், முதல் வரியைத் தினமும் இரவு "48இல் 31 நிறைவு" என மாற்றி வந்தேன். வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தியை 15 நிமிடங்களுக்குள் மட்டுமே திருத்த முடியும். பிறர் முன்னனுப்பியது நம் கையை விட்டுப் போய்விடும். கெடுத் தேதியும், கூடுதல் தொகை என்னவாகும் என்ற வரியும் செய்திக்குள்ளேயே இருக்க வேண்டியதன் காரணம் அதுதான். எங்கள் செய்தி இலக்கு நிறைந்த பின்னும் சுற்றிக்கொண்டிருந்தது. அதன் மூலம் வந்த தொகையை என்ன செய்வது என்று புதிதாக யோசிக்க வேண்டிய நிலை ஏற்படவில்லை.

பின்சேர்க்கை

இதைப் படித்தவர்கள் இரண்டு கேள்விகளை எழுப்பினார்கள். வருமான வரி விலக்கு உண்டா என்பது முதலாவது. 80ஜி பதிவு பெற்ற அறக்கட்டளைக்குக் கொடுக்கும் பணத்துக்கே அந்தச் சலுகை உண்டு. தனி நபரின் கணக்குக்கு அனுப்பும் பணத்துக்கும், பொருளாகக் கொடுக்கும் நோட்டுகளுக்கும் கிடையாது. எனவே பதிவில் "வரிச் சலுகை இல்லை" என்று எழுதிவிடுங்கள். வெளிநாட்டிலிருந்து அனுப்பலாமா என்பது இரண்டாவது. இந்தியக் குடியுரிமையுடன் வெளிநாட்டில் வாழ்பவர் தம் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றவர் அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் வரும். அதற்கான பதிவோ அனுமதியோ இல்லாத நம் போன்ற குழுக்கள் அதை ஏற்கக் கூடாது. ஆகவே யூபிஐ முகவரிக்குக் கீழே "இந்தியக் குடிமக்கள் மட்டும் அனுப்பவும்" என்ற ஒரு வரியை இப்போது சேர்த்திருக்கிறேன்.